தாத்தாவை ‘வா’ என்று கூப்பிட்ட பிள்ளை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்கான இருமொழிப் படப்புத்தகங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஓவியம், தாள், அச்சு எல்லாவற்றையும் பற்றி நன்றாக எழுதியிருந்தீர்கள். அந்தப் புத்தகங்களில் இருக்கும் தமிழ் எப்படிப்பட்ட தமிழ் என்று மட்டும் ஒரு வரி இல்லை. ஒரு தாயாக எனக்கு அதுதான் முதலில் கண்ணில் படுகிறது.

என் மகளுக்கு ஏழு வயது. நாங்கள் தமிழில் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். ஆனால் அவள் தமிழே பேசாத பிள்ளை இல்லை. போன வருடம் என் அப்பா எங்களைப் பார்க்க வந்தபோது வாசலுக்கு ஓடிப்போய், “தாத்தா, உள்ள வா!” என்று கூப்பிட்டாள். நின்றிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆசையாகத்தான் சிரித்தார்கள். ஆனால் கூட இருந்த ஒருவர், “தாத்தாவப் போய் வான்னு சொல்லலாமா?” என்று கேட்டுவிட்டார். பிள்ளையின் முகம் சுருங்கிப்போனது. அப்பா இங்கே இருந்த ஆறு வாரமும் அவரிடம் அவள் தமிழில் வாய் திறக்கவில்லை. தலையை ஆட்டுவாள், கையைக் காட்டுவாள், அவ்வளவுதான்.

அவள் ஏன் ‘வா’ என்றாள் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். அவள் காதில் விழும் தமிழ் முழுவதும் அவளைப் பார்த்துச் சொல்வது. இங்க வா, சாப்பிடு, பல்லு தேய், தூங்கு. சுற்றிலும் தமிழ் பேசும் இடத்தில் வளரும் பிள்ளை, ஒரு பெரியவர் இன்னொரு பெரியவரை ‘வாங்க, உக்காருங்க’ என்று சொல்வதை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அது வாயில் வந்துவிடும். எங்கள் வீட்டில் நானும் என் கணவரும் ஒருவரை ஒருவர் ‘நீ’ என்றுதான் பேசிக்கொள்கிறோம். அப்படியானால் ‘வாங்க’ என்ற சொல்லை அவள் எங்கேதான் கேட்பாள்? தனக்கு வந்து சேரும் தமிழ் அவளுக்குப் புரிகிறது. தன்னிடமிருந்து பெரியவர்களுக்குப் போக வேண்டிய தமிழ் அவளிடம் இல்லை. படப்புத்தகம் கொடுக்க வேண்டியது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் வீட்டில் பத்துப் பன்னிரண்டு இருமொழிப் புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்றில் ஒரு சிறுமி பாட்டியிடம் ஓடிவந்து, “பாட்டி, என் அருகில் அமருங்கள். கண்களை மூடிக்கொள்ளுங்கள்” என்கிறாள். கீழே அதே பேச்சு ஆங்கிலத்தில் இருக்கிறது. ‘அமருங்கள்’ என்றால் என்ன என்று என் மகள் கேட்டாள். வீட்டில் அந்தச் சொல்லை அவள் கேட்டதே இல்லை. ஆங்கில வரியைப் பார்த்துப் பொருளைத் தெரிந்துகொண்டாள். சரி, ஆனால் அதை எங்கே கொண்டுபோய்ச் சொல்வாள்? தாத்தாவிடம் ‘அமருங்கள்’ என்றால் மறுபடியும் சிரிப்பார்கள். ஆங்கில வரியும் அவளுக்குக் கைகொடுக்காது. பாட்டியிடம் பேசினாலும் தம்பியிடம் பேசினாலும் ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல்தான். தமிழில் ‘மூடிக்கோ’ வேறு, ‘மூடிக்கோங்க’ வேறு என்பதை அந்த வரி காட்டாமலே மறைத்துவிடுகிறது.

நான் செய்ததைச் சொல்கிறேன். ஆங்கில வரிகளின் மேல் ஒட்டி எடுக்கக்கூடிய மஞ்சள் தாளை ஒட்டினேன். அவள் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள். அது கண்ணில் பட்டால் பார்வை தமிழுக்குத் திரும்பாது. அப்புறம் சிறுமி பேசும் இடங்களில் மட்டும் சின்னத் துண்டுக் காகிதத்தில் எங்கள் வீட்டுப் பேச்சை எழுதி ஒட்டினேன்: “பாட்டி, எங்கிட்ட உக்காருங்க. கண்ண மூடிக்கோங்க.” கதை சொல்லும் வரிகளைத் தொடவில்லை. முதல் இரண்டு நாள் நானே வாசித்தேன். மூன்றாம் நாள், “பாட்டி, கண்ண…” என்று பாதியில் நிறுத்திவிட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். காத்திருப்பதுதான் கஷ்டம். மனசுக்குள் ஐந்து எண்ணும் வரையாவது பேசாமல் இருக்க வேண்டும். “மூடிக்கோ” என்றாள். தப்பு என்று நான் சொல்லவில்லை. “ஆமா, பாட்டி கண்ண மூடிக்கோங்க” என்று சேர்த்துச் சொல்லிப் பக்கத்தைத் திருப்பினேன். இன்னும் நாலைந்து முறை வாசித்த பிறகு ‘ங்க’ தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

ஒருநாள் அவசரப்பட்டு, “முழுசாச் சொல்லு பார்ப்போம்” என்றேன். புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள். இரண்டு வாரம் அதைத் தொடவில்லை. பிள்ளை சொன்னதை வாங்கிக்கொண்டு, கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்லும் இந்த முறை நான் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்காவில் ஒயிட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1988இல் எழுதிய படப்புத்தக வாசிப்பு முறையில் இதுவும் ஒரு படி. நான் செய்த தவறு, வாசிப்பைப் பரீட்சை ஆக்கியதுதான்.

பேச்சுத்தமிழை அச்சிட்டால் பிள்ளைகள் தப்பான தமிழ் கற்றுக்கொள்வார்கள் என்று ஓர் ஆசிரியை என்னிடம் வருத்தப்பட்டார். அவர் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் நம் சிறுகதைகளில் கதை எழுத்துத்தமிழில் போகும், பாத்திரங்கள் பேச்சுத்தமிழில் பேசுவார்கள். பெரியவர்கள் அதைத் தப்பு என்று நினைப்பதில்லையே. சிங்கப்பூரில் 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழுவும், வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்றுதான் பரிந்துரைத்தது. பேசவே தயங்கும் பிள்ளைக்கு இரண்டு தமிழையும் ஒரே பக்கத்தில், அதது அதன் இடத்தில் காட்டுவதில் எந்த நஷ்டமும் இல்லை.

எந்தப் பேச்சுத்தமிழ் என்ற கேள்விதான் நிஜமாகவே சிக்கலானது. நான் ‘உக்காருங்க’ என்று எழுதினேன். யாழ்ப்பாணத்து வீட்டில் ‘இருங்கோ’ என்பார்கள். இதற்கு ஒரே விடை கிடையாது. பேச்சு வரிகளைக் குட்டியாக வைத்து, ஒவ்வொன்றின் கீழும் கொஞ்சம் வெற்றிடம் விட்டால் போதும். அவரவர் வீட்டுச் சொல்லைப் பென்சிலால் எழுதிக்கொள்ளலாம்.

போன மாதம் வீடியோ அழைப்பில் என் மகள், “தாத்தா, கண்ண மூடிக்கோங்க” என்றாள். அப்பா மூடிக்கொண்டார். தான் வரைந்த படத்தைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். கண்ணைத் திறக்கச் சொல்ல அவளுக்கு வரவில்லை. அந்த வரி புத்தகத்தில் இல்லை. என்னைப் பார்த்தாள். நான் மெதுவாகச் சொல்லிக்கொடுத்தேன். அப்பா அதுவரை கண்ணை மூடியபடியே இருந்தார்.

பதிப்பாளர்களிடம் உங்கள் இதழ் வழியாக நான் கேட்பது இதுதான். பிள்ளை பெரியவரிடம் பேசும் காட்சி ஒவ்வொரு புத்தகத்திலும் நாலைந்தாவது இருக்கட்டும். அந்த வரிகளை வாயால் சொல்கிற மாதிரியே அச்சிடுங்கள். ஆங்கிலத்தைப் பக்கத்துக்குப் பக்கம் போடாமல், புத்தகத்தின் கடைசியில் மொத்தமாகக் கொடுங்கள். தமிழ் சரியாகத் தெரியாத அப்பாவோ அம்மாவோ அங்கே பார்த்துக்கொள்வார்கள்.

அன்புடன்,
வெளிநாட்டில் வாழும் ஒரு வாசகி