தோட்டப் பயணிகள் நலன்புரிச் சங்கம்: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், மூன்று டிவிசன்களிலிருந்தும் வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

தைப்பொங்கலுக்கு முன் மேற்பிரிவுத் தரிப்பிடம் சிரமதானத்தில் சுத்தம் செய்யப்பட்டது. மாரியம்மன் திருவிழாவில் தேர் நாளன்று கடைசி பஸ்ஸை ஒரு மணி நேரம் பிந்தி எடுத்துத் தந்தார்கள். சந்தித் தரிப்பிடத்தின் கூரைத் தகரம் மாற்றப்பட்டது. நிர்வாகக் குழு ஒழுங்காகக் கூடியது. கூட்டக் குறிப்புகள் வேண்டியவர்கள் என்னிடம் கேட்டு வாசிக்கலாம்.

இனி காலை பஸ் விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டு சங்கம் செய்த பெரிய வேலை இதுதான். அதில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது; வெளியே வேறு விதமாகவும் பேசப்படுகிறது.

காலை 6.30க்கு மேற்பிரிவிலிருந்து கிளம்ப வேண்டிய பஸ் ஏழு மணி தாண்டித்தான் வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பாடசாலை 7.30க்குத் தொடங்குகிறது. கிளினிக் போகிறவர்களுக்கு நம்பர் கிடைப்பதில்லை. டவுன் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு அரை நாள் சம்பளம் வெட்டு. சித்திரைப் புத்தாண்டு முடிந்து நடந்த கூட்டத்தில் எல்லோரும் கொதித்துப்போய் ஒரு கடிதம் எழுதினோம். அதில் என்ன இருந்தது என்று நினைவூட்டுகிறேன்: எங்களை மனிதராகவே மதிப்பதில்லை, டிரைவர் டவுனில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார், தனியார் பஸ்காரர் பெட்டியைத் தூக்கி வெளியே போடுகிறார், உடனே இன்னொரு பஸ் வேண்டும், இல்லாவிட்டால் வீதிக்கு இறங்குவோம். ஒவ்வொரு வரியும் உண்மையான கோபம்தான். ஆனால் அந்தக் கடிதத்தைக் கையில் எடுக்கும் டிப்போ முகாமையாளர் அடுத்த நாள் காலையில் எதை மாற்றுவார்? தனியார் பஸ்ஸின் பெர்மிட் மாகாண போக்குவரத்து அதிகார சபையின் கையில் இருக்கிறது, டிப்போவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மேலதிக பஸ் கேட்டால் பஸ்ஸும் இல்லை, டிரைவரும் இல்லை என்ற பதிலைத்தான் எத்தனையோ வருடமாகக் கேட்டிருக்கிறோம். அதனால் கடிதத்தை அனுப்பாமல் வைத்துக்கொண்டேன். அதற்காக என்னைப் பயந்தவன் என்று சொன்னார்கள். காரணத்தை இங்கே பதிவில் வைக்கிறேன்.

முதலில் பஸ் எங்கே பிந்துகிறது என்று தெரிய வேண்டும். மேற்பிரிவில் கிளம்பும்போதே பிந்தியிருக்கிறதா, வழியில் பிந்துகிறதா? இரண்டுக்கும் மருந்து வேறு. வழியில் பிந்துகிறது என்றால் ரோட்டையோ ஏற்றி இறக்கும் இடங்களையோ பார்க்க வேண்டும். கிளம்பும்போதே பிந்துகிறது என்றால் அந்த பஸ் அதற்கு முன் எங்கே போய் வந்தது என்று பார்க்க வேண்டும். அதற்காக மூன்று சதுரக்கோட்டுக் கொப்பிகள் வாங்கி மேற்பிரிவு, சந்தி, டவுன் பஸ் நிலையம் என்று மூன்று இடத்திலும் வைத்தோம். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் ஒரு தவணை முழுக்க எழுதினார்கள். திகதி, பஸ் இலக்கம், வந்த நேரம், கிளம்பிய நேரம், இவ்வளவுதான். டிரைவர் பெயர் எழுதக்கூடாது, வந்த நேரம் தெரியாத நாளில் குத்துமதிப்பாகப் போடாமல் வெறுமையாக விட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அந்த வெறுமைகளில் பெரும்பாலானவை பெரியவர்கள் பொறுப்பெடுத்த நாட்களில் விழுந்தவை. பிள்ளைகள் மழையிலும் நின்று எழுதினார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

அப்புறம், அங்கீகரிக்கப்பட்ட நேர அட்டவணையைக் கேட்டு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே ஒரு விண்ணப்பம் கொடுத்தோம். விண்ணப்பம் கிடைத்து 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் சொல்லியாக வேண்டும். அட்டவணை கிடைத்தது. அதைக் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்ததும் விஷயம் விளங்கிவிட்டது.

ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்வோம். நம் பஸ் முதலில் ஆற்றுக்கு அந்தப் பக்கத் தோட்டத்துக்குப் போய் 5.50க்கு டவுனுக்குத் திரும்ப வேண்டும். உடனே நம் மலைக்கு ஏறி 6.25க்கு வந்து, 6.30க்குக் கிளம்பி, 7.10க்கு டவுன் சேர வேண்டும். அன்று அது டவுனுக்குத் திரும்பியதே 6.20க்கு. 6.30க்கு நிலையத்தை விட்டது. 7.05க்கு மேற்பிரிவு, அப்படியே திரும்பி 7.45க்கு டவுன். கிளம்பும்போது 35 நிமிடம் பிந்தல், சேரும்போதும் அதே 35 நிமிடம். அதாவது நம் ரோட்டில் ஒரு நிமிடம்கூடக் கூடவில்லை. நிலையத்தில் நின்ற பத்து நிமிடத்தைக் கழித்துப் பார்த்தாலும் 25 நிமிடம் மிச்சம் இருக்கிறது. டிரைவர் தேநீரே குடிக்காவிட்டாலும் பிள்ளைகள் 7.35க்குத்தான் டவுனில் இறங்குவார்கள், கேட் மூடியிருக்கும். அந்தப் பக்கத் தோட்டத்து ரோடு குண்டும் குழியுமாகிவிட்டது. அட்டவணையோ ரோடு நன்றாக இருந்த காலத்தில் போட்டது. இரண்டு ஓட்டத்துக்கும் நடுவில் மூச்சுவிட நேரமே வைக்கவில்லை. அங்கே விழுந்த பிந்தல் அப்படியே நம் தலையில் இறங்குகிறது.

இது தெரிந்ததும் கேட்க வேண்டியதும் மாறிவிட்டது. மாலை 6.45க்கு டவுனில் கிளம்பும் கடைசி பஸ் 7.20க்கு மேற்பிரிவில் ஆட்களை இறக்கிவிட்டு வெறுமையாக டிப்போவுக்குத் திரும்புகிறது. காலையில் இன்னொரு பஸ் கிட்டத்தட்ட வெறுமையாக மேலே ஏறி வருகிறது. இரவு பஸ் இங்கேயே தங்கிக் காலையில் 6.30க்குக் கிளம்பினால் இரண்டு வெறும் ஓட்டமும் மிச்சம், டீசலும் மிச்சம், புதிய பஸ்ஸும் தேவையில்லை. தூரத்து ஊர்களில் கடைசி பஸ் இரவு தங்கிக் காலையில் போவது இந்த நாட்டில் வழக்கமானதுதான். சிசு செரிய கேட்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அது பாடசாலைப் பிள்ளைகளுக்கான சேவை. கிளினிக் போகும் பாட்டியும் கடைக்குப் போகும் பிள்ளையும் தரிப்பிடத்திலேயே நிற்பார்கள்.

புதிய கடிதம் ஒரே பக்கம். சிங்களத்திலும் எழுதி இணைத்தோம். அதன் நடுப்பகுதியை இங்கே தருகிறேன்:

"காலை 6.30 பஸ் எங்கள் வீதியில் தாமதமாவதில்லை. அதற்கு முந்திய ஓட்டத்தில் ஏற்படும் தாமதத்துடனேயே எங்களிடம் வருகிறது. மூன்று இடங்களில் எடுத்த நேரக் குறிப்புகளை இணைத்துள்ளோம். மாலை கடைசி பஸ்ஸை ஒரு தவணைக்குப் பரீட்சார்த்தமாக மேற்பிரிவில் இரவு தரித்து நிற்கச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். ஊழியர் இருவருக்கும் தண்ணீர், மலசலகூடம், மின்விளக்கு உள்ள அறையையும் பஸ் நிறுத்தக் காவலுள்ள இடத்தையும் சங்கம் தரும். தவணை முடிவில் நேரக் குறிப்புகளுடன் உங்களைச் சந்திப்போம்."

தனியார் பஸ்ஸைப் பற்றிய முறைப்பாட்டைப் பிரித்து மாகாண அதிகார சபைக்குத் தனிக் கடிதமாக அனுப்பினோம். பஸ் நிறுத்தும் இடம் கம்பனிக் காணி என்பதால் தோட்ட முகாமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக் கடிதத்துடன் சேர்த்தோம். அது இல்லாமல் போயிருந்தால் அனுமதி எங்கே என்ற கேள்வியிலேயே மாதக்கணக்கில் நின்றிருக்கும். செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல் என்பதால் வேட்பாளர்களிடம் கொடுக்கலாம் என்று சிலர் வற்புறுத்தினார்கள். பஸ்ஸை அனுப்பும் அதிகாரம் டிப்போவில் இருக்கிறது, அதனால் கடிதமும் அங்கேதான் போனது.

பரிசோதகர் ஒருவர் வந்து அறையையும் இடத்தையும் பார்த்தார். ஒரு தவணைக்குச் சம்மதித்தார்கள். பஸ் தங்கிய நாட்களில் 6.30க்குக் கிளம்பி 7.10க்குள் டவுனில் நின்றது. கொப்பியில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

இதில் உள்ள பலவீனத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். மாலை பஸ் வராவிட்டால் காலை பஸ்ஸும் இல்லை. முன்பு பிந்தியாவது வந்தது; இப்போது அப்படிப்பட்ட நாளில் வரவே வராது. மழை நாளில் பிரேக் கோளாறால் மாலை ஓட்டம் நின்றபோது மறுநாள் காலை எல்லோரும் தரிப்பிடத்தில் ஏமாந்து நின்றார்கள். அன்று என் வீட்டு வாசலில் நடந்த பேச்சை நான் இங்கே எழுதவில்லை. அதற்கும் வழி இருக்கிறது. மாலை 7.20க்கு பஸ் வராவிட்டால், 7.30க்கே ஒருவர் நேரக்காப்பாளருக்குப் போன் எடுக்க வேண்டும். அப்போது சொன்னால் மறுநாள் காலைக்கு வேறு பஸ்ஸை டிப்போவில் குறித்துக்கொள்வார்கள். காலையில் ஆறு மணிக்குச் சொன்னால் எல்லா பஸ்ஸும் வெளியே போயிருக்கும். நேரக்காப்பாளர் வாய்மொழியாகச் சம்மதித்திருக்கிறார். எழுத்தில் கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை.

கணக்கு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. வரவு கடந்த ஆண்டைவிடக் குறைவு, செலவு கூடுதல். கையிருப்பு சிறிய தொகை. கொப்பி, போட்டோ கொப்பி, அறைக்குப் பூட்டு, பல்பு, இரண்டு மெத்தை எல்லாம் அதிலிருந்துதான் வாங்கப்பட்டன. மாதச் சந்தா கட்டாதவர்களின் பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார். அதை மதிக்கிறேன். ஆனால் அந்த 6.30 பஸ்ஸில் உட்கார்ந்து போகிறவர்களில் பாதிக்கு மேல் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். கூட்டத்துக்கு வராமல் தரிப்பிடத்தில் நின்று சங்கம் என்ன செய்தது என்று கேட்கிறவர்களும் அதில்தான் இருக்கிறார்கள். எனக்கு இது மனவருத்தம்.

தோட்ட முகாமையாளருக்கும், அறையைத் தந்த பிள்ளை மடுவப் பொறுப்பாளர் அக்காவுக்கும், டிப்போ அலுவலர்களுக்கும், இரவில் இங்கே தங்கிய டிரைவர், கண்டக்டர் அண்ணன்மாருக்கும், சிங்களத்தில் எழுதித் தந்த ஆசிரியருக்கும், கொப்பி எழுதிய பிள்ளைகளுக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த ஆண்டு பரீட்சார்த்தம் நிரந்தரமாவதும் ஆகாததும் முதல் தவணை முடிவில் நாம் கொண்டுபோகும் குறிப்புகளில் இருக்கிறது. அறை குளிராக இருக்கிறது என்று ஊழியர்கள் இரண்டு முறை சொல்லிவிட்டார்கள். ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டு இரண்டு கம்பளி வாங்க வேண்டும். அவர்கள் தங்க மறுத்தால் எந்தக் கடிதமும் உதவாது. நிலுவைச் சந்தாவில் பாதி வந்தாலே அதற்குப் போதும். பொருளாளர் இன்று கூட்டம் முடியும்வரை வாசலுக்குப் பக்கத்து மேசையில் ரசீதுப் புத்தகத்துடன் இருப்பார். மாலை 7.30 போன் பொறுப்புக்கு ஞாயிறு முதல் வியாழன்வரை ஐந்து பேர் வேண்டும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் பெயர் கிடைத்துவிட்டது. மற்ற மூன்று நாளுக்கும் இன்றே பெயர் தாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்