மருத்துவமனை எண்ணிக்கைக்கு நிறம் அடிக்காதீங்க, வட்டம் போடுங்க

கொங்கு மாவட்டங்களின் மருத்துவமனை வரைபடத்தைத் தயாரித்த குழுவினருக்கு,

வணக்கமுங்க. கோபிசெட்டிபாளையத்தில் உட்கார்ந்து வரைபடம் வரைந்து பிழைக்கிறவன் நான். போன மாதம் ஒரு கூட்டத்தில் உங்கள் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் நீல நிறம், மருத்துவமனை அதிகம் என்றால் கருநீலம், குறைவு என்றால் வெளிர்நீலம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. என் பக்கத்தில் நின்றவர் சத்தியமங்கலத்தில் வேன் ஓட்டுகிறவர், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஈரோட்டின் மேல் விரலை வைத்து, "ஏனுங் தம்பி, நம்ம ஜில்லா பூராவும் கருத்துக் கெடக்குதே, அப்ப ஆஸ்பத்திரிக்குக் கொறையே இல்லீங்ளா?" என்று கேட்டார். விரல் நின்ற இடம் தாளவாடி. அங்கிருந்து ஒருவரைக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும் என்பது, அதே பாதையில் வண்டி ஓட்டுகிற அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் உங்கள் படம் அவரையே ஒரு நிமிஷம் குழப்பிவிட்டது.

தப்பு அவர் மேல் இல்லை, எண்களும் தப்பில்லை என்றே வைத்துக்கொள்வோம். எண்ணிக்கையை நிறமாக மாற்றியதுதான் தப்பு.

நிறம் அடித்தால் அது மாவட்டம் முழுக்கப் பரவுகிறது, பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி. ஈரோடு நகரத்தில் பெருந்துறை ரோட்டோரம் இருக்கிற ஆஸ்பத்திரிகளுக்காக அடித்த நீலம், சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் வரைக்கும் போய்விடுகிறது. அந்தக் காப்பகம் மட்டுமே சுமார் 1,400 சதுர கிலோமீட்டர், மாவட்டத்தில் ஏறக்குறைய கால்வாசி. கோவையில் வால்பாறைக்கும் இதே கதி, ஆழியாறிலிருந்து 40 வளைவு ஏறிப் போகிற ஊருக்கும் அவிநாசி ரோட்டுக்கும் உங்கள் படத்தில் ஒரே நிறம்.

இதோடு இன்னொரு கோளாறும் சேர்கிறது. ஈரோடு மாவட்டம் ஏறக்குறைய 5,700 சதுர கிலோமீட்டர், கரூர் சுமார் 2,900. இரண்டிலும் மருத்துவமனை எண்ணிக்கை ஒன்றே என்று வையுங்கள், இரண்டுக்கும் ஒரே நீலம்தான் அடிப்பீர்கள், சரி. ஆனால் தாளில் ஈரோட்டுக்கு இரண்டு மடங்கு மை செலவாகிறது. கண் நிறத்தை மட்டும் பார்ப்பதில்லை, எவ்வளவு இடம் அந்த நிறமாக இருக்கிறது என்பதையும் சேர்த்தே எடை போடுகிறது. இடம் பெரிதாக இருக்கிற மாவட்டம் ஆஸ்பத்திரியிலும் பெரிதாகத் தெரிகிறது, சின்ன மாவட்டம் எவ்வளவு வைத்திருந்தாலும் ஓரத்தில் ஒண்டிக்கொள்கிறது.

நிறமே கூடாது என்று நான் சொல்லவில்லை. எதையாவது எதாலாவது வகுத்து வந்த எண்ணுக்கு நிறம் அடிக்கலாம், தாராளமாக அடிக்கலாம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மருத்துவமனை எண்ணிக்கை இரண்டும் கணக்குக்காக நான் வைத்துக்கொள்வது, உண்மை எண் உங்களிடம் இருக்கிறது: கோவைக்கு 300, நீலகிரிக்கு 60. மக்கள்தொகை மட்டும் 2011 கணக்கெடுப்பின்படி, கோவை ஏறக்குறைய 34.6 லட்சம், நீலகிரி 7.35 லட்சம். வெறும் எண்ணிக்கைக்கு நிறம் அடித்தால் கோவை அடர்ந்த கருநீலம், நீலகிரி வெளுத்துப்போன நீலம், பார்க்கிறவர் ஊட்டிக்காரர்களைப் பார்த்துப் பரிதாபப்படுவார். வகுத்துப் பாருங்கள், லட்சம் பேருக்குக் கோவையில் 8.7, நீலகிரியில் 8.2. கிட்டத்தட்ட ஒன்றுதான். நீங்கள் நிறத்தில் காட்டியது ஆஸ்பத்திரி வசதியை இல்லை, எங்கே ஜனம் அதிகம் என்பதைத்தான்.

எத்தனை ஆஸ்பத்திரி என்று காட்ட வேண்டுமானால் அதற்கு வட்டம் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு வட்டம், எண்ணிக்கை கூடினால் வட்டம் பெரிது, அவ்வளவுதான். மாவட்டத்தின் பரப்புக்கும் வட்டத்துக்கும் சம்பந்தமே கிடையாது, அதனால் கரூருக்கும் ஈரோட்டுக்கும் எண் ஒன்றானால் வட்டமும் ஒன்றாக இருக்கும். வகுப்பு பிரிக்கிற வேலையும் மிச்சம். உங்கள் படத்தின் குறிப்பில் 51 முதல் 100 வரை ஒரே நீலம் என்று போட்டிருந்தீர்கள், அதில் 51-ம் 100-ம் ஒன்றாகிவிட்டது, 50-க்கும் 51-க்கும் நடுவில் பெரிய பள்ளம் விழுந்துவிட்டது. வட்டத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் அதனதன் அளவு.

ஆனால் வட்டத்திலும் சறுக்கி விழ இடம் இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். எண்ணிக்கைக்குச் சமமாகப் போக வேண்டியது வட்டத்தின் பரப்பு, விட்டம் அல்ல. கோவை 300-க்கு 20 மில்லிமீட்டர் விட்டம் என்று வையுங்கள். நீலகிரி 60, ஐந்தில் ஒரு பங்கு. அவசரத்தில் விட்டத்தையும் ஐந்தால் வகுத்து 4 மில்லிமீட்டர் போட்டால் பரப்பு 25-ல் ஒரு பங்காகிவிடும், 60 ஆஸ்பத்திரி இருக்கிற மாவட்டம் கண்ணுக்கு 12 இருக்கிற மாதிரி தெரியும். வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஐந்தின் வர்க்கமூலம் 2.24, 20-ஐ அதால் வகுத்தால் 8.9 மில்லிமீட்டர். அதுதான் சரியான வட்டம். QGIS என்ற வரைபட மென்பொருளில் வட்டக் குறியின் Size என்பது விட்டம், ஆகவே எண்ணிக்கை இருக்கிற புலத்தின் பெயர் hospitals என்றால் அந்த இடத்தில் இப்படி எழுதினால் போதும்:

```
20 * sqrt("hospitals" / 300)
```

இதை எழுதச் சோம்பல்பட்டு Assistant என்ற வசதியைத் திறப்பவர்கள் உண்டு, நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். அது புலத்திலிருந்து குறைந்த மதிப்பையும் அதிக மதிப்பையும் எடுத்து, குறைந்ததற்கு 1, அதிகமானதற்கு 10 என்று அளவு வைத்துக்கொள்ளும். குறைந்தது நீலகிரியின் 60 என்றால் அதற்கு 1 மில்லிமீட்டர், கோவைக்கு 10. பரப்பில் நூறு மடங்கு வித்தியாசம், நிஜத்தில் ஐந்து மடங்குதான். Assistant-ஐயே பயன்படுத்துவதானால் மதிப்பும் அளவும் இரண்டும் 0-இல் தொடங்கும்படி மாற்றிவிட்டு, Scale method என்ற இடத்தில் Surface என்று வையுங்கள். அங்கே Flannery என்றும் ஒன்று இருக்கும். பெரிய வட்டத்தை நம் கண் கொஞ்சம் குறைத்தே மதிப்பிடுகிறது என்பதற்காக வர்க்கமூலத்தின் 0.5-க்குப் பதில் 0.57 என்ற அடுக்கைப் போட்டு வித்தியாசத்தைக் கொஞ்சம் இழுத்துக் காட்டுகிற முறை, அதில் நீலகிரி வட்டம் 8.9-லிருந்து 8-க்கு இறங்கும். தப்பென்று சொல்ல மாட்டேன், ஆனால் எனக்குப் பிடிக்காது, ஒருவர் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தால் கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்று நினைக்கிறவன் நான். கண்ணுக்கு உதவ வேண்டுமானால் ஓரத்தில் மூன்று மாதிரி வட்டம் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு 300, 100, 25 என்று எழுதிவிடுங்கள், ஜனம் அதை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளும்.

படம் சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. அச்சடித்த தாளில் இரண்டு வட்டத்தின் விட்டத்தை அளந்து, ஒன்றை மற்றதால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்குங்கள். 20-ஐ 8.9-ஆல் வகுத்தால் 2.25, அதைப் பெருக்கினால் ஐந்துக்குக் கிட்ட வரும், எண்ணிக்கையின் விகிதமும் அதுதான். வராவிட்டால் எங்கேயோ பூஜ்யம் நகர்ந்திருக்கிறது, இல்லை வர்க்கமூலம் விட்டுப்போயிருக்கிறது.

கோவை, திருப்பூர் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அது தவிர்க்க முடியாது. பெரிய வட்டத்தை முதலில் வரைய வைத்து, சின்னது மேலே வரட்டும், நிறத்தைக் கொஞ்சம் ஊடுருவித் தெரிகிற மாதிரி வைத்து ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு கொடுத்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். ஏறுகிறதே என்று எல்லா வட்டத்தையும் சுருக்கினால் நீலகிரி புள்ளியாகிவிடும், அதைச் செய்ய வேண்டாம்.

வட்டத்துக்கும் ஒரு குறை உண்டு, மறைக்கக் கூடாது. மாவட்டத்தின் நடுவில் வட்டம் வைத்தால், ஆஸ்பத்திரியெல்லாம் அந்த நடு இடத்தில் இருப்பதாக ஒருவர் நினைக்கலாம். மாவட்டத் தலைநகரில் வைத்தால் ஓரளவு தேவலாம், ஆனால் வேன்காரர் கேட்ட கேள்விக்கு அதுவும் பதில் சொல்லாது. பதில் வேண்டுமானால் மாவட்டத்தை விட்டுத் தாலுகாவுக்கு இறங்க வேண்டும். ஈரோடு மாவட்டத்துக்கு ஒரு வட்டத்துக்குப் பதில் 10 தாலுகாவுக்குப் பத்து வட்டம், ஈரோடு தாலுகாவில் ஒரு பெரிய வட்டம், பெருந்துறையிலும் கோபியிலும் நடுத்தரம், அந்தியூரில் சின்னது என்று வந்தாலே படம் பேச ஆரம்பித்துவிடும். அப்புறம், பத்துப் படுக்கை நர்சிங் ஹோமும் ஆயிரம் படுக்கை ஆஸ்பத்திரியும் உங்கள் பட்டியலில் ஒவ்வொன்றாகத்தானே எண்ணப்படுகின்றன? படுக்கை எண்ணிக்கை கையில் இருந்தால் வட்டத்தை அதற்கே போடலாம், சூத்திரம் அதேதான்.

நான் கேட்பது இரண்டே இரண்டு. அடுத்த முறை அச்சடிக்கும்போது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு படம் வையுங்கள்: எண்ணிக்கைக்கு வட்டம், லட்சம் பேருக்கு எத்தனை என்பதற்கு நிறம். தாலுகா வாரியான பட்டியல் இருந்தால் வெளியிடுங்கள், ஒரு சாயங்காலம் உட்கார்ந்து நானே வரைந்து தருகிறேன், காசு வேண்டாம். ஒன்று மட்டும், தாளவாடி வட்டம் ரொம்பச் சின்னதாக வந்து, படத்தில் துருத்திக்கொண்டு தெரிகிறதே என்று யாராவது சொன்னாலும் அதை எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கோபியிலிருந்து வரைபடம் வரைகிற ஒருவன்