அன்றைக்கு வகுப்புக்கு வராத பிள்ளைகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நம் பகுதிப் பள்ளிகளில் எடுத்த சர்வேயை வைத்து, கொங்கு மண்டலத்தில் பதின்வயதுப் பிள்ளைகளிடம் புகையிலைப் பழக்கம் குறைவுதான் என்று போன வாரம் செய்தி போட்டிருந்தீர்கள். ஐயாயிரம் மாணவர்களிடம் கேட்டதாகப் பெரிய எழுத்தில் இருந்தது, ஆனால் அந்தப் பள்ளிகளின் வருகைப் பதிவேட்டில் மொத்தம் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் அன்றைக்கு வரவில்லை என்று ஒரு வரிகூட இல்லை. இந்த மாதிரி சர்வேக்களில் களப்பணியை மேற்பார்வை பார்த்தவன் நான். செய்தியை நம்புவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வதே விட்டுப்போன அந்த வரிதான், அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பதிவேட்டில் 50 பேர், அன்றைக்கு வந்தவர்கள் 40. வந்தவர்களில் 4 பேர் புகையிலை பயன்படுத்துகிறார்கள் என்றால் சர்வே 10 சதவீதம் என்று சொல்லும். வராத 10 பேரிலும் 4 பேருக்கு அந்தப் பழக்கம் இருந்தால் உண்மையில் 50க்கு 8, அதாவது 16 சதவீதம். இந்த எண்கள் நான் விளக்கத்துக்காகப் போட்டவை, ஆனால் பிழை எந்தப் பக்கம் சாயும் என்பதில் சந்தேகம் இல்லை, ஏனென்றால் அடிக்கடி பள்ளிக்கு மட்டம் போடும் பிள்ளைகளிடம் இந்தப் பழக்கங்கள் கூடுதலாக இருப்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. ஐயாயிரத்தை ஐம்பதாயிரம் ஆக்கினாலும் இது சரியாகாது, வந்தவர்களையே இன்னும் நிறையக் கேட்டிருப்போம், அவ்வளவுதான்.

நம்ம ஊரில் நாள் பார்த்துப் போவதும் முக்கியம். பங்குனியில் பண்ணாரி அம்மன் குண்டம் நடக்கிற சமயத்தில் சத்தியமங்கலம் பக்கத்துப் பள்ளிக்குப் போனால் பாதி பெஞ்ச் காலியாக இருக்கும். திருப்பூரில் அவசர ஆர்டர் வந்தால் பனியன் கம்பெனிக்குக் கைமடிக்கப் போகிற பையன்களும் இருக்கிறார்கள்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. முதல் நாள் வராதவர்களின் பெயரை அப்போதே குறித்துக்கொண்டு, ஒன்றிரண்டு வாரத்துக்குள் மறுபடி போய் அதே தாளை அவர்களிடம் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் பள்ளி மாணவர்களிடம் நடத்தும் ஒய்.ஆர்.பி.எஸ். சர்வேயில் இப்படிச் செய்கிறார்கள். அப்புறமும் சிலர் கிடைக்க மாட்டார்கள். அதற்காகத்தான் வந்தவர்களிடமே "போன மாதம் எத்தனை நாள் பள்ளிக்கு வரவில்லை?" என்று ஒரு கேள்வி சேர்ப்பது. பாதி நாள் மட்டும் வருகிற பையன் சர்வே அன்றைக்கு நம் கையில் அகப்பட்டது பாதி வாய்ப்புதான், அதனால் அவன் பதிலை இரண்டு பேருடையதாக எண்ண வேண்டும். தினமும் வருகிறவனுக்கு ஒன்று. பள்ளிப் பக்கமே வராதவனை இந்தக் கணக்கும் பிடிக்காது, ஆனால் பிழை ஓரளவு குறையும்.

அடுத்தது, எந்த வகுப்பில் கேட்பது என்பதை யார் முடிவு செய்தார்கள்? "நைன்த் ஏ-வுக்குப் போங்க சார், நல்ல பசங்க, அமைதியா எழுதுவாங்க" என்று தலைமையாசிரியர் அன்பாகத்தான் சொல்வார். அந்த ஏ செக்‌ஷனிலேயே சர்வே கோணலாகிவிடும். எல்லாச் செக்‌ஷன்களையும் எழுதி, குலுக்கல் போல எண் எடுத்து, விழுந்த வகுப்பில் இருக்கும் அத்தனை பேரிடமும் கேட்க வேண்டும். இந்தியாவில் 2019-ல் நடந்த உலக இளையோர் புகையிலை சர்வேயும் இந்த முறையில்தான். முதலில் பள்ளிகள், மாணவர் எண்ணிக்கை கூடுதலாக உள்ள பள்ளிக்குக் கூடுதல் வாய்ப்பு, அப்புறம் வகுப்புகள். அதே மாதிரி, பொதுத்தேர்வு நெருங்குகிறது என்று ஒரு பெரிய தனியார் பள்ளி மறுத்தால், உடனே பக்கத்தில் சம்மதிக்கிற பள்ளிக்குப் போய்விடக் கூடாது. மறுத்ததை மறுத்ததாகவே எழுத வேண்டும்.

எழுதினால் தரம் தெரிந்துவிடும். தேர்ந்தெடுத்த பள்ளிகளில் 90 சதவீதம் சம்மதித்து, அந்த வகுப்புகளில் 80 சதவீத மாணவர்கள் பதில் தந்தால், இரண்டையும் பெருக்கி 72 சதவீதம் என்று சொல்ல வேண்டும். பெற்றோர் கையெழுத்துச் சீட்டு திரும்பி வராதவர்களும் விடுபட்டவர்களில்தான் சேர்த்தி. அப்பா அம்மா இரண்டு பேரும் நைட் ஷிப்ட் போகிற வீட்டிலிருந்து சீட்டு லேசில் வராது, எனவே இரண்டாம் முறை அனுப்பிப் போனிலும் கேட்க வேண்டும்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தாலும், எட்டாவதோடு நின்று மில்லுக்கோ கம்பெனிக்கோ போய்விட்ட பிள்ளைகள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்களைப் பிடிக்க வீடு வீடாகப் போகிற சர்வேதான் வேண்டும். பள்ளியில் எடுத்ததற்கு "பள்ளி செல்லும் பதின்வயதினர்" என்று தலைப்புப் போடுங்கள், "கொங்கு மண்டலப் பதின்வயதினர்" என்று போடாதீர்கள். அந்த ஆய்வுக் குழுவிடம் பதிவேட்டு எண்ணிக்கையையும் மறுத்த பள்ளிகளின் எண்ணிக்கையையும் கேட்டு வாங்கி அடுத்த இதழில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்