பதினைந்து விநாடிக்கு எந்த வரி? தர்மபுரி, கிருஷ்ணகிரி பாட்டுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கூத்து வாத்தியார்களுக்கும், பம்பைக் குழு அண்ணன்மார்களுக்கும், ஓசூர் முதல் அரூர் வரை சின்ன அறையில் ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

உங்களில் பலருடைய பாட்டை இணையத்தில் ஏற்றித் தரும் வேலை என்னுடையது. பாட்டு வெளியான கையோடு எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான். "சினிமாப் பாட்டு இன்ஸ்டா ஸ்டோரியில் ஒரு நிமிஷம் ஓடுதே, நம்ம பாட்டு மட்டும் ஏன் கால் நிமிஷத்துல அறுந்து போகுது? யாராவது காசு வாங்கிட்டு குறைக்கிறாங்களா?" அப்படி யாரும் குறைக்கவில்லை. ஆனால் நாம் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்த மடல்.

ஒரு பாட்டையே எடுத்துக்கொள்வோம். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போகிறவர்களுக்காக ஒரு குழு போட்ட பாட்டு, நான்கு நிமிடம் பத்து விநாடி. முதல் 42 விநாடி பம்பையும் உடுக்கையும் மட்டும். அதன் பிறகுதான் பல்லவி. மேடையில் அந்த 42 விநாடிக்குக் கூட்டம் எழுந்து நிற்கும். ஸ்டோரியில் நடப்பது வேறு.

பென்னாகரத்துப் பெண் ஒருவர் அருவிக்கரையில் எடுத்த போட்டோவை இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் வைத்து, மியூசிக் ஸ்டிக்கரில் இந்தப் பாட்டைத் தேடிச் சேர்க்கிறார். போட்டோவுக்கு அதிகபட்சம் 15 விநாடி. அவர் விரும்பினால் குறைத்துக்கொள்ளலாம், ஐந்து விநாடி வரை. அவருடைய தம்பி அதே பாட்டை 40 விநாடி வீடியோவுக்கு வைத்தால், வீடியோ ஓடும்வரை பாட்டும் ஓடும். ஸ்டோரி வீடியோவே ஒரு துண்டுக்கு ஒரு நிமிடம் என்பதால் உச்சவரம்பும் அதுதான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 2025இல் பாட்டு சேர்க்கும் வசதி வந்தபோதும் இதே கணக்கைத்தான் வைத்தார்கள்: போட்டோவுக்கு 15 விநாடி, வீடியோவுக்கு 60 விநாடி. ஆக, நீங்கள் பார்த்த அந்தச் சினிமாப் பாட்டு வீடியோவில் இருந்தது, உங்கள் பாட்டு போட்டோவில் இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஸ்பாட்டிஃபையிலிருந்து நேராக ஸ்டோரிக்கு அனுப்பினால் இன்னொரு மாதிரி வரும். அட்டைப்படம் ஒரு சீட்டு போல விழும், தட்டினால் பாட்டுக்குப் போகும். புதிய பதிப்பு இருக்கும் போனில் பாட்டின் ஒரு துணுக்கும் கேட்கும். பழைய பதிப்பில் வெறும் படம்தான். "என் போன்ல சத்தம் வருது, மாமா போன்ல வரலை" என்ற புகாருக்கு முதலில் செயலியைப் புதுப்பித்துப் பாருங்கள்.

இந்த அளவுகள் எல்லாம் தளங்களும் பாட்டு உரிமை வைத்திருப்பவர்களும் பேசி முடித்துக்கொண்டவை. ஐட்யூன்ஸ் கடையில் வெகுகாலம் 30 விநாடிதான் மாதிரி கேட்க முடிந்தது. 2010இல் அமெரிக்காவில் அதை 90 விநாடியாக்கினார்கள், அதுவும் இரண்டரை நிமிடத்துக்கு மேற்பட்ட பாட்டுக்கு மட்டும். "15 விநாடிக்குள் யார் பாட்டையும் எடுக்கலாம், காப்பிரைட் வராது" என்று நம் ஊரில் உலவும் பேச்சுக்கு எந்த ஆதாரமும் இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் இத்தனை விநாடி இலவசம் என்று ஒரு வரி கிடையாது. ஸ்டிக்கர் வழியாகப் போட்டால் தளம் வாங்கி வைத்திருக்கும் உரிமம் நம்மைக் காக்கிறது. ஸ்பீக்கரில் ஓடவிட்டு வீடியோ எடுத்தால் அந்தக் காப்பு இருக்கும் என்று சொல்ல முடியாது.

சரி, ஆடிப்பெருக்குப் பாட்டுக்கு வருகிறேன். போட்டோ வைத்த அந்தப் பெண்ணுக்குச் செயலி தானாக ஓரிடத்தைக் காட்டும். அது பம்பை மட்டும் ஓடும் இடமாக இருந்தால், அவசரத்தில் அப்படியே வைத்துவிடுவார். பார்க்கிறவர்களுக்குக் குழுவின் குரலே கேட்காது. கீழே இருக்கும் பட்டையை விரலால் நகர்த்திப் பல்லவிக்கு வரலாம், ஆனால் திருவிழாக் கூட்டத்தில் யார் அதைச் செய்வார்கள்?

இங்கேதான் உங்கள் கையில் ஒரு வேலை இருக்கிறது. இந்தப் பாட்டு நிமிடத்துக்கு 96 அடி வேகத்தில் போகிறது. 15 விநாடிக்கு 24 அடி; நாலடித் தாளமாக எண்ணினால் ஆறு சுற்று. பல்லவியின் முதல் வரி இரண்டு சுற்று பிடிக்கிறது. வாத்தியார் அதை வழக்கம்போல இரண்டு முறை பாடினால் நாலு சுற்று போய்விடும். மீதி இரண்டு சுற்றில் அடுத்த வரி சரியாக அடங்கும், காவிரி பெயர் வரும் இடம் வரைக்கும். அதாவது 42ஆம் விநாடியில் தொடங்கினால் 57இல் வரி முழுசாக முடிகிறது. 45இல் தொடங்கினால் முதல் வரியே பாதியிலிருந்துதான் கேட்கும். மூன்று விநாடியில் இவ்வளவு வித்தியாசம்.

பாட்டை அனுப்பும்போது விநியோக நிறுவனங்கள் சிலவற்றின் படிவத்தில் மாதிரித் துணுக்கு எங்கே தொடங்க வேண்டும் என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்பச் சொன்னால் "எதையாவது போடுப்பா" என்கிறீர்கள். போடாதீர்கள். எல்லாத் தளமும் அந்த எண்ணை மதிக்கும் என்றில்லை, அதனால் இன்னொரு வழியையும் சேர்த்துச் செய்யலாம். முழுப் பாட்டோடு, பல்லவியிலேயே தொடங்கும் இரண்டரை நிமிடக் குறும்பதிப்பு ஒன்றையும் தனியாக வெளியிடுங்கள். ஸ்டோரிக்காரர்கள் எடுக்கப் போவது அதைத்தான். பம்பை முழக்கத்தை வெட்டச் சொல்கிறான் என்று கோபப்படாதீர்கள். முழுப் பதிப்பில் அது அப்படியே இருக்கும்.

பாட்டு வரிகள் திரையில் ஓடவில்லை என்பது அடுத்த குறை. நேரம் குறித்த வரிகள் போய்ச் சேர்ந்த பாட்டுக்குத்தான் அந்த வசதி தெரியும். நீங்கள் வரிகளை எழுதித் தராத பாட்டுக்கு அட்டைப்படமும் பெயர்ச்சீட்டும் மட்டுமே காட்டும்.

குழுவின் பக்கத்திலிருந்து தேடினால் பாட்டே வரவில்லை என்று ஒருவர் சத்தம் போட்டார். அந்தப் பக்கம் பிசினஸ் கணக்காக இருந்தது. பிசினஸ் கணக்குக்கு விளம்பரத்துக்கு ஏற்ற இலவசத் தொகுப்பைத்தான் பெரும்பாலும் காட்டுவார்கள், வெளியான பாட்டெல்லாம் வராது. கிரியேட்டர் கணக்காக மாற்றிய பிறகு பாட்டு வந்தது. கல்யாண போட்டோ ஸ்டுடியோக்காரர்களுக்கும் இதே சிக்கல் உண்டு.

இதைவிட வேடிக்கை, ஒரு குழு சொந்தப் பாட்டையே சொந்தப் பக்கத்தில் போட்டபோது அது ஊமையாக்கப்பட்டது. பாட்டை ஏற்றும்போது "வேறு யார் பயன்படுத்தினாலும் கண்டுபிடி" என்ற வசதிக்கும் டிக் போட்டிருந்தார்கள். அந்த இயந்திரத்துக்கு வாத்தியாரும் வேற்றாளும் ஒன்றுதான். விநியோக நிறுவனத்துக்குக் குழுவின் பக்க முகவரியை எழுதி, விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொன்ன பிறகுதான் சரியானது. அப்புறம், கடையில் வாங்கிய ரெடிமேட் பீட் மேல் பாடியிருந்தால் அந்த டிக்கையே போடக்கூடாது. அதே பீட்டை வாங்கிய இன்னொருவர் பாட்டு மீது உங்கள் பெயரில் புகார் போகும்.

வருகிற ஆடிக்குப் பாட்டு வைத்திருப்பவர்கள் ஜூன் மாதத்துக்குள் தாருங்கள். ஸ்பாட்டிஃபையில் வந்த அன்றே இன்ஸ்டாகிராம் தேடலிலும் வந்துவிடும் என்று எண்ண வேண்டாம், சில நாள் பிந்தலாம். பாட்டோடு வரிகளை எழுதிய தாளும், துணுக்கு தொடங்க வேண்டிய விநாடியும் வேண்டும். அந்த விநாடியை ஸ்டுடியோத் தம்பி மட்டும் முடிவு செய்யாமல், பாடியவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டு எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பாட்டுகளை ஏற்றித் தரும் பாலக்கோட்டுக்காரன்