தாத்தாவின் கன்னத்தில் பச்சை வந்த கதை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் கடைக்கு வந்து, வீட்டுப் போட்டோவைக் கொடுத்து, கேன்வாஸில் எண் போட்ட ஒவ்வொரு துண்டிலும் அதே எண் டப்பாவின் வண்ணத்தைப் பூசி வரைகிற நம்பர் பெயின்டிங் கிட் வாங்கிப் போகிற எல்லோருக்கும் இந்த மடல்.

இரண்டு வாரமாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிற அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மாந்தோப்பில் கட்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறார் ஒரு பெரியவர். கன்னத்தில் கரும்பச்சைத் திட்டு. கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல் நிறம். "தாத்தாவுக்குப் பாசி பிடிச்சிருச்சு" என்று கீழே எழுதியிருந்தார்கள். அது நாங்கள் கொடுத்த கிட்தான். அந்தக் குடும்பத்தைப் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டோம், புது கேன்வாஸும் கொடுத்தாயிற்று.

சிரித்ததுகூடப் பரவாயில்லை. "போட்டோவைக் கம்ப்யூட்டரில் போட்டு ஒரு பட்டனைத் தட்டுகிறார்கள், இதுக்கு 850 ரூபாயா" என்று ஒருவர் அனுப்பிய ஆடியோதான் உறுத்துகிறது. பட்டனை மட்டும் தட்டினால் என்ன வரும் என்பதற்கு அந்தத் தாத்தா படமே சாட்சி. கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

ஒரு போட்டோவில் ஆயிரக்கணக்கான நிறங்கள் இருக்கும். நாங்கள் கொடுப்பது 24 டப்பா. சாஃப்ட்வேர் நெருங்கிய நிறங்களைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சராசரி நிறம் வைக்கிறது. படம் முழுவதற்கும் சேர்த்துப் பிழை குறைய வேண்டும், அவ்வளவுதான் அதன் கணக்கு. முகம் எது, மாவிலை எது என்று அதற்குத் தெரியாது. 40க்கு 50 சென்டிமீட்டர் கேன்வாஸில் தாத்தாவின் முகம் 5க்கு 7 சென்டிமீட்டர். மொத்தப் பரப்பில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. இலைகளுக்கு 11 நிறம், வேட்டி, மண், கட்டிலுக்கு 10 நிறம் போக, முகத்துக்கு மிஞ்சியது 3. தலைத்துண்டின் நிழல் விழுந்த கன்னம் கரும்பழுப்பு. நன்றாக இருண்டுவிட்டால் கரும்பழுப்புக்கும் கரும்பச்சைக்கும் எண்ணளவில் பெரிய தூரம் கிடையாது. அதனால் கன்னம் 17ஆம் எண்ணுக்கு, அதாவது இலை நிழலுக்குப் போய்விட்டது.

கண் போனது வேறு காரணம். நிறம் பிரித்ததும் படம் முழுக்கப் பொடிப்பொடியாகத் துண்டுகள் இருக்கும். எண்ணை எழுதவும் இடம் வேண்டும், தூரிகை நுனியும் உள்ளே போக வேண்டும். ஆகவே 15 சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்த துண்டுகளைப் பக்கத்துத் துண்டோடு கரைத்துவிடுகிறோம். இலைகளுக்கு இது நல்லது, இல்லாவிட்டால் வரைகிறவர் பாடு திண்டாட்டம். ஆனால் அந்த அளவு முகத்தில் கருவிழி 10 சதுர மில்லிமீட்டர்தான் வரும். அதுவும் கரைந்துவிட்டது.

இதையெல்லாம் சரிசெய்வது கைவேலை. முகத்தைச் சுற்றிக் கோடு போட்டுப் பிரித்து, அதற்கு மட்டும் 9 நிறம், மற்றதற்கு 15 என்று தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும். முகத்துக்குள் 5 சதுர மில்லிமீட்டர் வரை துண்டுகளை விட்டுவைத்து, எண் உள்ளே அடங்காவிட்டால் வெளியே எழுதிச் சின்னக் கோடு இழுக்க வேண்டும். ஒரு முகத்துக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். நான்கு வருடமாக இதைச் செய்துவந்த தங்கச்சி ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். நல்ல சம்பளம், தடுக்க மனசு வரவில்லை. அவர் போன மாதத்தில் வந்த சில ஆர்டர்கள் கைபடாமலே போய்விட்டன என்பதை ஒத்துக்கொள்கிறேன். தாத்தா படம் அதில் ஒன்று.

இப்போது முகவேலையை நானே உட்கார்ந்து செய்கிறேன். அச்சடிக்கும் முன் மாதிரிப் படமும் கலர் அட்டையும் உங்களுக்கு வரும். ஒன்றை மட்டும் பாருங்கள்: முகத்தில் உள்ள எண் ஏதாவது இலையிலோ சுவரிலோ இருக்கிறதா? இருந்தால் உடனே சொல்லுங்கள். தலைமுடிக்கும் நிழலுக்கும் ஒரே கறுப்பு வருவது தப்பில்லை. கன்னத்தில் வந்தால்தான் தப்பு. அப்புறம், போட்டோவை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி, வழுவழுப்பான கன்னத்திலும் கட்டம் கட்டமாகப் புள்ளி கிளப்பிவிடும்.

இதனால் கிட் இனி 1,050 ரூபாய், கைக்கு வர 12 நாள்.

அந்தப் படம் சுற்றிய நாட்களிலும் "அண்ணே, எங்க வீட்டு கிட் நல்லாத்தான் வந்துச்சு" என்று வரைந்து முடித்ததைப் போட்டோ எடுத்துக் குழுவிலேயே போட்டவர்களை மறக்க மாட்டேன். காவேரிப்பட்டணத்து அக்கா ஒருவர் பழைய கிட்டில் மிச்சமான வண்ண டப்பாக்களைத் திருப்பிக் கொண்டுவந்து, "கன்னத்துக்கு ஆகும், வெச்சுக்கோங்க" என்றார். 6ஆம் எண், நல்ல கோதுமை நிறம். அந்தத் தாத்தாவின் புது கிட்டில் அதுதான் போயிருக்கிறது.

நன்றியுடன்,
கடைக்காரர்