பொருள்: எங்கள் கூடத்துக்குப் பொருந்தாத ஏர் கூலரை விற்றது, மூன்று வாரம் அலையவிட்டது – புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்கள்

ஐயா / அம்மா,

வணக்கம். மூன்று வாரத்தில் பதினொரு முறை போன் செய்து, இரண்டு முறை சர்வீஸ் சென்டருக்கு நேரில் வந்து, ஒன்றும் நடக்காத பிறகு இதை எழுதுகிறேன். உங்கள் 40 லிட்டர் மாடல்தான். அதைப் பற்றி உங்களுக்கே நான் விளக்க வேண்டியதில்லை.

கடையில் நான் முதலில் கேட்டதே கூலரா, ஏ.சி.யா என்றுதான். இங்கே அடிப்பது வறண்ட வெயில். மதியம் 40 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டாது. கூடம் 20 அடிக்கு 15 அடி, உயரம் 10 அடி. எல்லாவற்றையும் சொன்னேன். "40 லிட்டர் டேங்க், ஹாலுக்குத் தாராளம்" என்று உங்கள் விற்பனையாளர் சொன்னார். டேங்கின் அளவு எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதைத்தான் காட்டும். எவ்வளவு இடம் குளிரும் என்பதை ஃபேன் தள்ளும் காற்றின் அளவுதான் தீர்மானிக்கிறது. இது உங்களுக்குத் தெரியாதா?

அந்தக் காற்றின் அளவு பெட்டியின் அடிப்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது: மணிக்கு 1000 கன மீட்டர். எங்கள் கூடத்தின் கொள்ளளவு சுமார் 85 கன மீட்டர். வகுத்துப் பாருங்கள், மணிக்குப் பன்னிரண்டு முறைதான் காற்று மாறுகிறது. இந்த வெயிலுக்கு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, அதாவது மணிக்கு முப்பது முறை மாற வேண்டும். அதற்கு 2500 கன மீட்டருக்கு மேல் தள்ளும் கூலர் வேண்டும். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். கூலரின் வாயில் 28 டிகிரி, கூடத்தின் மறுகோடியில் 36. காற்றைக் குளிர்விக்கும் பேட் நன்றாக நனைகிறது, பம்ப் ஓடுகிறது, பழுது எதுவும் இல்லை. போதாதது காற்றுதான்.

இதை அப்படியே ஒன்பதாவது முறை போன் செய்தபோது சொன்னேன். எடுத்த பெண்மணி என்ன சொன்னார் தெரியுமா? "ஆயிரம் பேர் இதே கூலர் வெச்சிருக்காங்க, உங்களுக்கு மட்டும்தான் வேர்க்குதா? கதவு ஜன்னலைச் சாத்திட்டு ஐஸ் போடுங்க." நான் சொல்வதைக் கேட்காமலே போனை வைத்துவிட்டார். எழுபது வயதான என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். இதை நான் மறக்கமாட்டேன்.

அந்தப் பெண்மணி சொன்னபடியும் செய்தேன். ஒரு மணி நேரத்தில் கூடத்தில் ஈரப்பதம் 75 சதவீதம் ஆனது. கூலரின் வாயிலேயே 30 டிகிரி, உடம்பெல்லாம் பிசுபிசுப்பு. ஈரக்காற்று வெளியேற ஜன்னல் திறந்திருக்க வேண்டும் என்பது கூலரின் முதல் பாடம். சாத்தி வைப்பது ஏ.சி.க்கு. ஐஸுக்கும் கணக்கு இருக்கிறது: 5 கிலோ ஐஸ் உருகும்போது இழுக்கும் வெப்பம், பேடில் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது இழுப்பதைவிடக் குறைவு. வாடிக்கையாளருக்கு ஆலோசனை சொல்லும் இடத்தில் இருப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

இரண்டாம் முறை சர்வீஸ் சென்டருக்கு வந்த அன்று, கூலரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, நான் இரண்டு பேருந்து மாறி வந்து, மூன்று மணி நேரம் காத்திருந்தேன். "மெஷின் நல்லாத்தான் இருக்கு, வேணும்னா 2 டன் ஏ.சி. வாங்கிக்குங்க" என்றார்கள். என் படுக்கையறை சிறியது, கதவைச் சாத்தலாம். அதற்கு ஏ.சி. என்றால் ஒப்புக்கொள்வேன். காற்று ஈரமாகிற மாதங்களில் கூலர் உதவாது என்பதும் தெரியும். ஆனால் ஆட்கள் ஓயாமல் வந்துபோய் வாசல் திறந்தே கிடக்கும் கூடத்துக்கு? 2 டன் ஏ.சி. கம்ப்ரசர் ஓடும்போது சுமார் 2 கிலோவாட் இழுக்கும். பத்து மணி நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் ஓடினாலே 13 யூனிட், வாசல் திறந்திருந்தால் இன்னும் மேலே. சரியான அளவு கூலர் 250 வாட், அதே பத்து மணி நேரத்துக்கு இரண்டரை யூனிட். தவறான பொருளை விற்றுவிட்டு, ஐந்து மடங்கு மின்சாரம் குடிப்பதை வாங்கச் சொல்வது எந்த நியாயம்?

இந்தக் கோடையே எங்களுக்குப் பாழாய்ப் போய்விட்டது. அம்மா ஒரு மதியம்கூடக் கண்மூடவில்லை.

தயவுசெய்து இந்தக் கூலரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, மணிக்கு 2500 கன மீட்டருக்குக் குறையாத மாடலைத் தாருங்கள். விலை வித்தியாசத்தை நான் தருகிறேன். அது முடியாவிட்டால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். ஏழு நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், பில், பெட்டியின் படம், போன் செய்த தேதிகள் எல்லாவற்றோடும் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். அன்று போனை வைத்தவர் என் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

இப்படிக்கு,
மூன்று வாரமாக அலையும் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், பெட்டியின் அடிப்பக்கப் படம்