‘போச்சு’ என்றால் என்ன போச்சு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரை ரிப்பேருக்கு விட்டால் எடுக்கப் போகும்போது பில் ஏறியிருக்கிறது என்று சென்ற வாரம் ஒரு வாசகர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். அவர் வருத்தம் நியாயமானது. என் வீட்டுக்காரர் ஈரோட்டில் சின்னதாக ஒரு கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார், கணக்கு வழக்கு பார்ப்பது நான். யாரையும் ஏமாற்றுகிற ஆள் இல்லை அவர். ஆனாலும் எங்கள் கடையிலேயே அந்தச் சண்டை வந்தது.

பள்ளி ஆசிரியர் ஒருவர் முன் பிரேக் பேட் மாற்றச் சொல்லிக் காரை விட்டுப் போனார். பேட் 1,900, கூலி 600, ஆக 2,500 ரூபாய் என்று பேச்சு. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு இவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியது இவ்வளவுதான்: “சார் டிஸ்க் ரெண்டும் போச்சு. காலிபர் பின்னும் ஜாம். ஒரு ஆறு ஆகும், போட்ரலாமா?” அவரும் “ஓகே” என்று போட்டுவிட்டார். மொத்தமே ஆறாயிரம் என்று அவர் நினைத்துக்கொண்டார். பேசிய 2,500 போக இன்னும் ஆறு என்பது இவர் கணக்கு. சாயங்காலம் கடை வாசலில் இருவரும் குரலை உயர்த்தி நின்றதைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை.

அன்றிலிருந்து கூடுதல் வேலை எதுவானாலும் இவர் எனக்குத்தான் செய்தி அனுப்ப வேண்டும், வண்டிக்காரருக்கு நான் எழுதி அனுப்புவேன் என்று வைத்துக்கொண்டோம். பழக்கத்துக்காக முதலில் அந்த ஆசிரியருக்கு இவர் அனுப்பிய செய்தியையே திருத்தி எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். ‘போச்சு’ என்றால் என்ன போச்சு? இவரிடம் கேட்டபோதுதான் தெரிந்தது, அதற்கு மூன்று அர்த்தம் இருக்கிறது. டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு, காலிபர் அதன் மேல் பேடை அழுத்துகிற பாகம். அந்த டிஸ்க் தேய்ந்து மெலிந்திருக்கலாம். வரி வரியாகப் பள்ளம் விழுந்திருக்கலாம். அல்லது கோணியிருக்கலாம், அப்படியானால் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் உதறும். பள்ளமோ கோணலோ மட்டும் என்றால், கனம் மிச்சமிருந்தால் லேத்தில் சீவிப் பார்க்கலாம், செலவு குறைவு. மெலிந்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும். எவ்வளவு வரை தேயலாம் என்ற அளவு பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அளப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பேட் படாத வெளி ஓரம் தேயாமல் வரம்பு போல நிற்கும். அங்கே வெர்னியரை வைத்தால் கனம் கூடுதலாகக் காட்டும். பேட் உரசுகிற இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் கேட்டு வாங்கிய பிறகு நான் எழுதியது:

“சார், வணக்கம். உங்கள் காரின் முன் டிஸ்க் இரண்டும் அளவுக்குக் கீழே தேய்ந்துவிட்டன. இருக்க வேண்டிய கனம் குறைந்தது 20 மி.மீ. டிரைவர் பக்கம் 19.3, மறுபக்கம் 19.5. படம் அனுப்பியுள்ளோம். சீவ முடியாது, மாற்ற வேண்டும். காலிபர் பின் இறுகியிருப்பதால் உள்பக்கப் பேட் அதிகம் தேய்ந்திருக்கிறது. இதை விட்டால் புதுப் பேடும் அப்படியே தேயும். டிஸ்க் 2,150 வீதம் இரண்டு, 4,300. காலிபர் பின், ரப்பர் செட் 450. கூடுதல் கூலி 700. கூடுதல் செலவு 5,450. முன்பு சொன்ன 2,500 சேர்த்து மொத்தம் 7,950 ரூபாய். காலிபர் பின்னைக் கழற்றும்போது அது உடைந்தால் செலவு மாறும், அப்போது உங்களைக் கேட்டுவிட்டுத்தான் தொடர்வோம். கழற்றிய பழைய சாமானை எடுத்து வைத்திருப்போம்.”

கவனித்தீர்களா, ‘ஆறு’ என்றது கூட்டிப் பார்த்தால் 5,450தான். முன்ஜாக்கிரதைக்காகக் கொஞ்சம் கூட்டி ரவுண்டாகச் சொல்வது கடைக்காரர் வழக்கம். வண்டிக்காரருக்கோ அந்த 550 ரூபாய் எங்கே போகிறது என்று தெரியாது. ஆசிரியரிடம் அதையும் சொல்லி, 7,950 மட்டுமே வாங்கினோம். அப்புறம், சாமான் பாக்கெட்டில் போட்டிருக்கும் எம்.ஆர்.பி.யிலேயே வரி அடக்கம். அதற்கு மேல் சாமானுக்கு ஜி.எஸ்.டி. என்று ஒரு வரி பில்லில் இருந்தால் கேளுங்கள்.

எழுதுகிறவருக்கும் ஒரு எல்லை உண்டு. மெக்கானிக் அளக்காததை நான் அழகாக எழுதிவிடக் கூடாது. “உடனே மாற்றாவிட்டால் ஆபத்து” என்று என் இஷ்டத்துக்குச் சேர்த்தால் அது பயமுறுத்தி வேலை பிடிப்பதாகிவிடும். பிரேக் போல உடனே பார்க்க வேண்டியதைத் தனியாகவும், ஏ.சி. ஃபில்டர் போல அடுத்த சர்வீஸுக்குத் தள்ளக்கூடியதைத் தனியாகவும் எழுதுகிறேன். மற்றதை அவரவர் முடிவுக்கு விட்டுவிடுகிறேன்.

வண்டி வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்படி எழுதித் தராத கடையாக இருந்தாலும் வெறும் “ஓகே” போடாதீர்கள். “டிஸ்க் எத்தனை மி.மீ. இருக்கிறது? ஆறு என்றது மொத்தமா, கூடுதலா?” என்று கேளுங்கள். பதில் வந்ததும், “மொத்தம் 7,950க்குச் சம்மதம்” என்று தொகையோடு எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈரோடு.